டிரையரை எப்போது நிறுத்துவது: சென்சார் சொல்லும்போதா, மணி அடிக்கும்போதா?

போன டிசம்பரில் ஒரு வாரம் விடாமல் மழை. மேல்மாடியில் இருக்கும் பெண் ஒரு குளியல் துண்டோடு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கோயம்புத்தூரிலிருந்து கணவனோடு ஈசூனுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகவில்லை.

"அக்கா, இந்தத் துண்டைப் பாருங்க. ஊர்ல இருந்து புதுசா வாங்கிட்டு வந்தது. ஓரமெல்லாம் நூல் பிரியுது, நடுவுல வெளிச்சம் தெரியுது."

"டிரையர்ல எவ்வளவு நேரம் வைக்கிறே?"

"ரெண்டு மணி நேரம்க்கா. அதுக்குக் கம்மியா வச்சா ஜீன்ஸ் இடுப்புப் பட்டி காய மாட்டேங்குது."

அவள் கேள்விக்கான பதில் அவள் சொன்ன அந்தக் கடைசி வரியிலேயே இருந்தது. ஜீன்ஸின் ஒரு பட்டிக்காகத் துண்டும் டீ-சட்டையும் தேவைக்கு மேல் முக்கால் மணி நேரம் சூட்டில் உருண்டுகொண்டிருந்தன. சிங்கப்பூருக்கு வந்து முதல் முறையாக டிரையர் வாங்குபவர்களில் பலர் இதையேதான் செய்கிறார்கள். நானும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் செய்தேன். மகனின் பள்ளி டீ-சட்டைக் கழுத்துப் பட்டிகள் அலை அலையாக நெளிந்துபோன பிறகுதான் என்ன நடக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அன்று அவளோடு உட்கார்ந்து செய்து பார்த்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

துணி எந்த நேரத்தில் தேய்கிறது

நனைந்த துணி டிரையருக்குள் சுற்றும்போது, உள்ளே வரும் காற்று எவ்வளவு சூடாக இருந்தாலும் துணி அந்தச் சூட்டை அடைவதில்லை. நீர் ஆவியாகும்போது சூட்டைத் தன்னோடு கொண்டுபோய்விடுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். ஈரம் இருக்கும்வரை துணிக்கு ஒரு காவல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் தீர்ந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. துணியின் சூடு மளமளவென்று ஏறிக் காற்றின் சூட்டைத் தொடுகிறது.

பருத்திக்கு இன்னொரு குணம் உண்டு. நாம் 'காய்ந்துவிட்டது' என்று மடித்து அலமாரியில் வைக்கும் பருத்தித் துணிக்குள்ளும் நீர் இருக்கிறது. சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 சதவீதத்துக்கு மேல். இந்தக் காற்றில் கிடக்கும் ஒரு கிலோ பருத்தித் துணியில் ஏறக்குறைய 100 கிராம் நீர் நூலுக்குள் ஊறியிருக்கும். தொட்டால் ஈரம் தெரியாது, ஆனால் நூல் வளைந்து கொடுப்பது அந்த நீரால்தான். டிரையர் அதையும் உறிஞ்சிவிட்டால் நார் விறைத்துப் போகிறது. விறைத்த நார் டிரம்மில் விழுந்து எழும்போது வளையாமல் ஒடிகிறது. ஒடிந்த துண்டுகளும் ஃபில்டரில் பஞ்சாகச் சேர்கின்றன.

இவ்வளவு செய்து பறித்த அந்த நீரைத் துணி திரும்ப எடுத்துக்கொள்கிறது. வெளியே எடுத்து வைத்தால் சில மணி நேரத்தில் நம் ஊர்க் காற்றிலிருந்து அதே அளவை மறுபடி குடித்துவிடும். அதாவது அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் நமக்கு எந்த லாபமும் இல்லை. மின்சாரம் போகிறது, நூல் போகிறது.

பாலியெஸ்டர் கதை வேறு. அது நீரை உள்ளே வைத்துக்கொள்வது மிகக் குறைவு, அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் சுற்றினால் சடசடவென்று மின்னேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பான்டெக்ஸ் கலந்த லெக்கிங்ஸும் உள்ளாடை எலாஸ்டிக்கும்தான் சூட்டுக்கு முதலில் பலியாகின்றன. இழுத்தால் திரும்பாமல் தொளதொளத்துப் போகும், சில சமயம் வெள்ளை நூல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

சென்சார் என்ன பார்க்கிறது

டிரையர் கதவைத் திறந்து, டிரம்மின் முன்பக்க உள் விளிம்பில், பஞ்சு ஃபில்டருக்குப் பக்கத்தில் பாருங்கள். பல இயந்திரங்களில் விரல் நீளத்துக்கு இரண்டு உலோகப் பட்டைகள் அக்கம்பக்கமாக இருக்கும். அதுதான் ஈர சென்சார். ஈரத் துணி இரண்டு பட்டைகளையும் ஒரே நேரத்தில் தொடும்போது, துணி வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் பாய்கிறது. துணி காயக் காய மின்னோட்டம் குறைந்துகொண்டே போகும். ஒரு அளவுக்குக் கீழே போனதும் இயந்திரம் சூட்டை நிறுத்தி, சிறிது நேரம் குளிர்ந்த காற்றில் சுற்றிவிட்டு முடித்துக்கொள்ளும்.

பட்டைகளே இல்லையென்றால் உங்கள் இயந்திரம் வெளியேறும் காற்றின் சூட்டை வைத்துக் கணக்குப் போடக்கூடும். துவைப்பதும் காயவைப்பதும் ஒன்றாகச் சேர்ந்த இயந்திரங்களில் இந்த முறை உண்டு. அதுவும் வேலை செய்யும், ஆனால் துல்லியம் குறைவு.

நேரம் வைக்கும் முறையில் இயந்திரம் எதையும் பார்ப்பதில்லை. 120 நிமிடம் என்றால் 120 நிமிடம். துணி 70-ஆவது நிமிடத்திலேயே காய்ந்திருந்தாலும் அதற்குத் தெரியாது.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பேனலில் "Iron Dry", "Cupboard Dry", "Extra Dry" என்று மூன்று நிலைகள் இருக்கும். முதல் இரண்டையும் சென்சார் தன் அளவீட்டை வைத்தே தீர்மானிக்க முடியும். ஆனால் துணி ஓரளவுக்கு மேல் காய்ந்ததும் அதில் மின்னோட்டம் இல்லாத அளவுக்குக் குறைந்துவிடுவதால், அதற்கு மேல் பட்டைகளால் எதையும் பார்க்க முடியாது. ஆகவே பல இயந்திரங்களில் "Extra Dry" என்பது சென்சார் வாய் மூடிய பிறகு குறிப்பிட்ட நிமிடங்களைக் கூட்டிச் சுற்றுவதுதான். சென்சார் என்ற பெயரில் நடக்கும் நேரக் கணக்கு அது. பருத்திக்கு அந்த நிலையை நான் பயன்படுத்துவதே இல்லை.

கொக்கித் தராசோடு ஒரு சோதனை

விமானத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு நம் வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கும். ஊருக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும் அந்தத் தராசு போதும், உங்கள் டிரையர் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். கடைசி இலக்கம் 10 கிராம் வரை காட்டும் தராசாக இருந்தால் நல்லது.

முதலில், ஒரே மாதிரித் துணிகளாகச் சேருங்கள். மேல்மாடிப் பெண்ணின் வீட்டில் நாங்கள் எடுத்தது 8 பருத்தி டீ-சட்டை, 2 குளியல் துண்டு. எல்லாம் முந்தைய துவைப்பில் காய்ந்து, ஒரு நாளாக அறைக் காற்றில் கிடந்தவை. ஒரு மெல்லிய பையில் போட்டுத் தூக்கினோம், பையின் எடையைக் கழித்தோம். 2.40 கிலோ. இந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இதுதான் நாம் திரும்பி வரவேண்டிய இடம்.

பிறகு துவைத்து, 1,200 சுழற்சியில் பிழிந்தோம். மறுபடி தூக்கினால் 3.65 கிலோ. உள்ளே 1.25 கிலோ தண்ணீர். பிழியும் சுழற்சியைக் குறைத்து வைத்தால் இந்தத் தண்ணீர் கூடும், டிரையரில் உருளும் நேரமும் கூடும். மெல்லிய துணி தவிர மற்றதற்குச் சுழற்சியைக் குறைக்காதீர்கள்.

முதல் நாள் அவள் வழக்கப்படியே நேரம் வைத்தோம், நடுவில் நிறுத்தி நிறுத்தி எடை பார்த்தோம். 60 நிமிடத்தில் 2.75. 80 நிமிடத்தில் 2.42, அதாவது காய்ந்த எடைக்கு 20 கிராம்தான் மிச்சம். கையில் எடுத்தால் துண்டு மெத்தென்று, இளஞ்சூடாக இருந்தது. அங்கேயே ஃபில்டரைத் துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டு மேலும் 25 நிமிடம் விட்டோம். 105-ஆவது நிமிடத்தில் எடை 2.28. காற்றில் கிடந்தபோது இருந்ததைவிட 120 கிராம் குறைவு! டீ-சட்டையை வெளியே இழுத்தபோது கழுத்துப் பட்டி கையைச் சுட்டது. ஃபில்டரை உருவிப் பார்த்தோம். துண்டின் அதே நீல நிறத்தில் ஒரு மெல்லிய படலம், வலையின் கண்களை மூடியிருந்தது. விரல் நுனியால் ஓரத்தை நெம்பினால் பாய் மாதிரி சுருண்டு வந்தது. அதில் ஒரு பகுதி துவைக்கும்போதே தளர்ந்த நார்தான். ஆனாலும் அவ்வளவும் காய்ந்து முடிந்த பிறகு உதிர்ந்தது.

துணிகளைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு மறுநாள் காலை எடை பார்த்தோம். 2.40. அந்த 25 நிமிடமும் எதற்கு ஓடியது என்று அவளே கேட்டாள்.

அடுத்த வாரம் அதே துணி, அதே பிழிதல், "Cupboard Dry". இயந்திரம் 77 நிமிடத்தில் தானாக நின்றது, எடை 2.43. இந்த 30 கிராமை மடிப்பதற்கு முன் பத்து நிமிடம் நாற்காலி முதுகில் போட்டால் காற்றே எடுத்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். ஹீட் பம்ப் டிரையரில் சூடு குறைவு, அதனால் எலாஸ்டிக்குக்கு நல்லது. ஆனால் காய அதிக நேரம் எடுக்கும், எனவே உருளும் நேரமும் அதிகம். அதில் நேரம் வைத்து ஓட்டினால் சூட்டால் வரும் கேடு குறையும், உரசலால் வரும் கேடு அப்படியே நிற்கும். எந்த இயந்திரமானாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான். வெளியே எடுத்த எடை, காற்றில் கிடந்த எடைக்குக் கீழே போயிருக்கிறதா? 2 கிலோ துணிக்கு 50 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் ஒரு நிலை இறக்குங்கள். நிலையை இறக்க முடியாத இயந்திரமானால், நேரத்தில் 10 நிமிடம் குறைத்து மறுபடி எடை பாருங்கள். இரண்டு மூன்று துவைப்பில் சரியான இடம் பிடிபட்டுவிடும், அதன்பின் தராசு வேண்டாம்.

சென்சார் ஏமாறும் இடங்கள்

சென்சாரை நம்புங்கள் என்று சொன்னால் உடனே வரும் புகார், "பாதி ஈரத்தோட நின்னுடுதே" என்பது. பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

கலப்புத் துணிதான் முதல் காரணம். பட்டைகளுக்குத் தெரிவது தன்னைத் தொடும் துணி மட்டும். விளையாட்டுச் சட்டைகளோடு ஒரு ஜீன்ஸைப் போட்டால், பத்தில் ஒன்பது தடவை பட்டையில் படுவது காய்ந்த பாலியெஸ்டர். 'காய்ந்தாயிற்று' என்று இயந்திரம் நின்றுவிடும், ஜீன்ஸ் பையும் பட்டியும் ஈரமாகவே இருக்கும். இதற்கு மருந்து நேரத்தைக் கூட்டுவது இல்லை. துணியை நிறம் பார்த்துப் பிரிப்பதுபோல, டிரையருக்குக் கனம் பார்த்துப் பிரியுங்கள். ஜீன்ஸும் துண்டும் ஒரு தடவை, டீ-சட்டையும் பள்ளிச் சீருடையும் ஒரு தடவை, லெக்கிங்ஸும் விளையாட்டுச் சட்டையும் குறைந்த சூட்டில் ஒரு தடவை. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இவ்வளவு துணி சேராது என்றால், எல்லாவற்றையும் சேர்த்தே போடுங்கள். சென்சார் நின்றதும் மெல்லியதையெல்லாம் எடுத்துவிட்டு, ஜீன்ஸை மட்டும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி 15 நிமிடம் நேரம் வையுங்கள். நேரம் வைக்கும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

இரண்டாவது, துணி மிகக் குறைவாக இருப்பது. ஒரே ஒரு சட்டை டிரம்மின் பின்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருக்கும், பட்டையைத் தொடவே தொடாது. அதற்கும் நேரம்தான், 15 அல்லது 20 நிமிடமாக வைத்துத் தொட்டுப் பார்த்துத் தொடருங்கள்.

மூன்றாவது, படுக்கை விரிப்பு. அது தன்னைத் தானே உருண்டையாகச் சுருட்டிக்கொண்டு தலையணை உறைகளையும் உள்ளே விழுங்கிவிடும். வெளித்தோல் காய்ந்திருக்கும், உள்ளே பிழிந்த ஈரம் அப்படியே. அரை மணி நேரத்தில் ஒருமுறை கதவைத் திறந்து உதறிப் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நான்காவது, பட்டைகளில் படியும் மெழுகு. வாசனைக்காக டிரையரில் போடும் தாளும், துவைக்கும்போது ஊற்றும் மென்மையாக்கியும் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன் வழியே மின்னோட்டம் சரியாகப் பாயாததால் ஈரத் துணியைக்கூட இயந்திரம் காய்ந்தது என்று நினைக்கும். முன்பெல்லாம் சரியாக நின்ற இயந்திரம் இப்போது சீக்கிரமே நிற்கிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். இயந்திரத்தை அணைத்து, ஆறவிட்டு, மென்மையான துணியில் கொஞ்சம் வினிகரோ தேய்ப்பு ஆல்கஹாலோ தொட்டுப் பட்டைகளைத் துடைத்தால் போதும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் கொண்டு போகாதீர்கள், பட்டை கீறிவிடும். நான் மாதம் ஒருமுறை துடைக்கிறேன்.

இதற்கு நேர்மாறாக, சென்சார் வைத்தும் வழக்கத்தைவிட நெடுநேரம் ஓடினால், பட்டையைச் சந்தேகிப்பதற்கு முன் காற்றுப் பாதையைப் பாருங்கள். ஃபில்டரின் வலையில் படலம் இருக்கிறதா, அடியில் இருக்கும் வெப்ப மாற்றியில் பஞ்சு அடைத்திருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். காற்று ஓடாவிட்டால் துணி மெல்லத்தான் காயும், சென்சாரும் அதற்கேற்ப ஓட்டிக்கொண்டேதான் இருக்கும்.

டிரையரும் மூங்கில் கழியும்

வீவக வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. சென்சாரை "Iron Dry" நிலையில் வைத்தால் துணி சற்றே ஈரமாக இருக்கும்போதே நின்றுவிடும். எங்கள் சோதனைத் துணியில் அது 2.58 கிலோவில் நின்றது. அப்படியே எடுத்து உதறி, மூங்கில் கழியிலோ சமையலறைக்குப் பின்னால் இருக்கும் கொடியிலோ மாட்டினால், மழை நாளிலும் மின்விசிறிக் காற்றில் இரவுக்குள் காய்ந்துவிடும். டிரம்மில் உருண்டதால் துண்டு மெத்தென்றும் இருக்கும், கடைசிக்கட்ட உரசலும் கிடையாது. நல்ல சட்டை, புதுத் துண்டு எல்லாவற்றுக்கும் என் வீட்டில் இதுதான் முறை. ஜரிகை வேட்டி, பட்டு, கைத்தறிச் சேலை எதுவும் டிரையர் பக்கமே வரக்கூடாது, எந்த முறையானாலும்.

எதிர்த் திசையிலும் இது உதவும். கழியில் பாதி காய்ந்த துணியை மழை வந்து உள்ளே இழுத்தால், அதைச் சென்சாரில் போடாதீர்கள். ஈரம் ஏற்கெனவே குறைவாக இருப்பதால் சில நிமிடங்களில் நின்றுவிடும், ஈர வாடையும் போகாது. 15 நிமிடம் நேரம் வைத்தால் சரியாக வரும்.

வீட்டில் டிரையர் இல்லாமல் புளோக்கின் கீழே இருக்கும் காசு போடும் சலவைக்கூடத்துக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் நேர முறைதான் கிடைக்கும், அதுவும் வீட்டு இயந்திரத்தைவிடச் சூடு அதிகம். முழு நேரத்துக்கும் ஒரேயடியாகக் காசு போட்டுவிட்டுக் காப்பிக்கடைக்குப் போய்விடாதீர்கள். குறைந்த நிமிடங்களுக்கு முதலில் போடுங்கள். முடிந்ததும் திறந்து மெல்லிய துணிகளை எடுத்து மடித்து வையுங்கள், கனமானதை மட்டும் விட்டு அடுத்த காசைப் போடுங்கள். சூட்டைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருந்தால் நடு நிலை போதும். எடுக்கும்போது ஜிப்பும் உலோகப் பொத்தானும் தொட முடியாதபடி சுட்டால், துணி காய்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம், அடுத்த வாரம் ஒரு காசு குறைத்துப் போடலாம்.

மேல்மாடிப் பெண் இப்போது துண்டையும் ஜீன்ஸையும் சனிக்கிழமை, மற்றதைப் புதன்கிழமை என்று பிரித்துவிட்டாள். அந்தப் பழைய துண்டின் ஓரத்தை மடித்துத் தைத்துச் சமையலறையில் வைத்திருக்கிறாள். தராசு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன் வாங்க வேண்டும்.